சேவ் பண்ணிட்டீங்களா சார்?

அந்தக் கேள்வியை என் லேப் அசிஸ்டென்ட் என்னிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறார். முதல் முறை கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோது வெட்கத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. பாடமும் நடத்துகிறேன், லேபையும் பார்த்துக்கொள்கிறேன். இருபது வருடமாக இதே வேலை. கோபக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன், அது பொய்யும் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருவர் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் கோபம் இன்னும் சீக்கிரம் வரும். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

லேபில் எனக்கு உதவிக்கு ஒருவர் இருந்தார். கீரமங்கலத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கத்தாரில். மகளை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவார். வேலையின் பெயர் லேப் அசிஸ்டென்ட், ஒப்பந்தத்தில். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வர் அவருடைய ஃபைலைப் புரட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றால் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார். குறை இருந்தால் போடமாட்டார். மிஷின்களைத் திறந்து வைப்பது, தூசி தட்டுவது, மாணவிகளின் ரெக்கார்டு நோட்டை அடுக்குவது, இவ்வளவுதான் அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பயோடேட்டாவை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை.

அந்த வருடம் எங்கள் கல்லூரியை ஆன்லைன் தேர்வு மையமாக்கப் பேச்சு நடந்தது. அதற்கு லேபில் ஒரு மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். அதுவரை எங்களிடம் இருந்தவை மூளையில்லாத பெட்டிகள். பவரைக் கொடுத்து எல்லாக் கம்ப்யூட்டர் கேபிளையும் குத்திவிட்டால் லைட் மினுக்கும், வேலை முடிந்தது. புதிது அப்படியில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். நெட்வொர்க்கில் இருந்தபடியே அதனோடு பேசுவதற்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கவேண்டும். பார்வையிட வருகிறவர்கள் எங்கள் மிஷினில் உட்கார்ந்து அந்த முகவரியைப் போட்டு உள்ளே நுழைவார்கள். நாங்கள் வரைந்து கொடுத்த நெட்வொர்க் வரைபடத்தில் இருக்கும் பெயரும் உள்ளே தெரிகிற பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பெட்டியை நான்தான் பிரித்தேன். புது சாமானை வேறு யாரையும் தொடவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே வெளிர்நீலத்தில் ஒரு தட்டையான கேபிள் இருந்தது. அதுதான் கன்சோல் கேபிள். புது சுவிட்சுக்கு முகவரியே கிடையாது, அதனால் நெட்வொர்க் வழியாக அதைக் கூப்பிட முடியாது. முதல் தடவை இந்தக் கேபிள் வழியாக நேருக்கு நேர் உட்கார்ந்துதான் பேசவேண்டும். ஒரு முனை சுவிட்சின் கன்சோல் ஓட்டைக்குள் போயிற்று. மறுமுனை போவதற்கு என் லேப்டாப்பில் இடமே இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் பின்பக்கம் இருக்குமே ஒன்பது ஊசி வைத்த ஓட்டை, அது இப்போது எதிலும் வருவதில்லை. யூஎஸ்பியில் செருகுகிற ஒரு கன்வெர்ட்டருக்காகப் புதுக்கோட்டை கீழ ராஜவீதி வரை போய்வந்தேன்.

செருகி, சுவிட்சோடு டைப் அடித்துப் பேசுகிற டெர்மினல் புரோகிராமைத் திறந்தேன். திரையில் கொத்து பரோட்டா மாதிரி எழுத்துகள் கொட்டின. கேள்விக்குறி, கட்டம், கோணல் கோடு. சுவிட்ச் பழுது என்று முடிவுகட்டி, விற்றவரைப் போனில் பிடித்துத் திட்டத் தொடங்கினேன்.

லேப் அசிஸ்டென்ட் வாசலில் நின்றிருந்தார். கையில் ரெக்கார்டு நோட்டு அடுக்கு.

“சார், ஸ்பீடு எவ்வளவு வச்சிருக்கீங்க?”

“ஏம்மா?”

“ஒம்பதாயிரத்து அறுநூறு வச்சுப் பாருங்க சார். அது ஒரு வேகத்துல பேசுது, நீங்க வேற வேகத்துல கேக்குறீங்க.”

நான் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு வைத்திருந்தேன். பெரிய எண்ணாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். 9600 என்று மாற்றி என்டர் தட்டியதும் திரை தெளிந்தது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது: ஆரம்ப அமைப்பைப் படிப்படியாகச் செய்யலாமா, ஆமாவா இல்லையா? கையேட்டில் சொன்னபடி இல்லை என்று அடித்தேன். பிறகு ‘சுவிட்ச்’ என்ற வெறும் சொல்லும், பக்கத்தில் ஒரு அம்புக்குறியும். பெயர் வைக்காத குழந்தை மாதிரி இருந்தது.

நன்றி சொல்லவேண்டிய இடம் அது. “சரி, நீங்க போய் நோட்டை அடுக்குங்க” என்றேன்.

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன். எனேபிள் என்று அடித்ததும் அம்புக்குறி போய் ஹேஷ் குறி வந்தது. இனி மாற்றங்கள் செய்யலாம் என்று அதற்கு அர்த்தம். கன்ஃபிகர் டெர்மினல் என்று அடித்து உள்ளே போனேன். ஹோஸ்ட்நேம் என்று அடித்து, பக்கத்தில் LAB 1 என்று நடுவில் இடம்விட்டுப் பெயர் வைத்தேன். ஏற்கவில்லை, தப்பான இடத்தில் ஒரு கூரைக்குறியைப் போட்டுக் காட்டியது. இடத்தை எடுத்துவிட்டு LAB-1 என்று அடித்தேன். என்டர் தட்டிய மறுகணமே ‘சுவிட்ச்’ என்ற சொல் மறைந்து, அங்கே LAB-1 வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்தது முகவரி. அதைக் கேபிள் குத்துகிற எந்த ஓட்டைக்கும் கொடுப்பதில்லை. உள்ளே ‘வீலேன் ஒன்று’ என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கிறது, அதற்குக் கொடுக்கவேண்டும். 192.168.10.2 என்று கொடுத்தேன். அந்த இடத்தை எழுப்பிவிட ‘நோ ஷட்டவுன்’ அடித்தேன். வேறு நெட்வொர்க்கில் இருக்கிற முதல்வர் அலுவலகத்திலிருந்தும் கூப்பிட முடியவேண்டும் என்பதற்காக டீஃபால்ட் கேட்வே என்று ரூட்டரின் முகவரியையும் கொடுத்தேன். உள்ளே நுழைவதற்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வைத்தேன்.

லேப்டாப்பிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் அடித்தேன். ‘இருக்கிறாயா’ என்று நாலு முறை கூப்பிட்டுப் பார்ப்பது அது. பதில் இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. முகவரியை அழித்து மறுபடி கொடுத்தேன். அரை மணி நேரம் போனது. எனக்கு வியர்த்துவிட்டது.

மறுபடியும் வாசலில் அதே குரல். “சார், கன்சோல் கேபிள்ல பிங் போகாதுங்க. அது டைப் அடிக்க மட்டுந்தான். சாதா நெட்வொர்க் கேபிள் ஒண்ணை லேப்டாப்புக்கும் சுவிட்சுக்கும் நடுவுல குத்துங்க. லேப்டாப்புக்கும் அதே பத்துல ஒரு ஐபி குடுங்க.”

குத்தினேன். லேப்டாப்புக்கு 192.168.10.50 கொடுத்தேன். நாலு பதிலும் வரிசையாக வந்தன.

இப்போது சேமிக்கவேண்டும். எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக மாணவிகளிடம் தொண்டை வறளச் சொல்லுகிற விஷயம் அதுதானே. டெர்மினல் விண்டோவின் தலையில் வலது கிளிக் செய்து செட்டிங்ஸைத் திறந்தேன். அங்கே ஒரு கட்டம் இருந்தது, பக்கத்தில் சேவ் என்று ஒரு பொத்தான். கட்டத்தில் LAB-1 என்று அடித்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். பட்டியலில் LAB-1 என்று அழகாக வந்து நின்றது. லேப்டாப்பை மூடினேன்.

“சேவ் பண்ணிட்டீங்களா சார்?”

“பண்ணாம இருப்பனா? எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

“இல்லைங்க சார். ஒருதடவ கரண்ட்டைப் புடுங்கி மாட்டிப் பாத்துருவமா?”

“புது சாமானைப் புடுங்கிப் பாக்குறதா? எரிஞ்சு போச்சுன்னா நீங்க வாங்கித் தருவீங்களா?”

அவர் நோட்டுகளை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் முதல்வர் அறைக்குப் போய், “எல்லாம் முடிஞ்சுதுங்க மேடம், நானே பண்ணிட்டேன்” என்றேன். அந்த ‘நானே’யை ஒரு முறைக்கு இரு முறை சொன்னதாக ஞாபகம்.

அடுத்த வாரம் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. காலையிலேயே மாவரைத்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுவார்கள். நான் அன்றைக்கு விராலிமலையில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று விடுப்பு. லேப் யூபிஎஸ் அரைமணி தாங்கும். அதற்குள் மிஷின்களை முறையாக அணைத்து, கடைசியில் யூபிஎஸ்ஸையும் அணைக்கவேண்டியது லேப் அசிஸ்டென்ட்டின் வேலை. அவர் அப்படியே செய்திருக்கிறார். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார். லேப் வழக்கம்போல ஓடியது. ஒரு கம்ப்யூட்டரில்கூடக் கோளாறு இல்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். முதல்வர் பக்கத்தில் நின்றார், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வந்தவரில் ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்து முகவரியை அடித்தார். பதில் இல்லை. இரண்டாம் முறை, இல்லை. “சுவிட்ச் இந்த ஐபியில இல்லையே சார்” என்றார். நான் கன்சோல் கேபிளைச் செருகினேன். திரையில் அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது: ஆரம்ப அமைப்பைச் செய்யலாமா, ஆமாவா இல்லையா? என் LAB-1 எங்கும் இல்லை. பெட்டியிலிருந்து பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில் என் வாயில் வந்ததைத்தான் இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த சுவிட்சின் முன்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று கையேட்டில் படித்திருந்தேன். “மேடம், நான் லீவுல இருந்த அன்னைக்கி இவங்கதான் லேபுல இருந்தாங்க. தூசி தட்டுறேன்னு பட்டனை அமுக்கியிருப்பாங்க” என்றேன். வந்தவர்கள் முன்னால், முதல்வர் முன்னால், அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். “நான் பட்டனைத் தொடலைங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். திங்கட்கிழமை மறுபடி வருகிறோம், அதற்குள் சரி செய்யுங்கள் என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் முதல்வர் லேப் அசிஸ்டென்ட்டுக்கு மெமோ கொடுத்தார். கவனக்குறைவால் கல்லூரிக்கு அவப்பெயர் வரக் காரணமாக இருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. விளக்கமாக அவர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தாராம், பொத்தானைத் தான் தொடவில்லை என்று. இரண்டு தாளும் அவருடைய ஃபைலில் போய் உட்கார்ந்தன. ஜூனில் அந்த ஃபைல் திறக்கப்படும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. மறுபடியும் செய்வதற்காக நான் போனேன். சுவிட்ச் ரேக்கின் பக்கத்தில் அவர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார், அது ஒரு கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தது.

“வாங்க சார்” என்றார். குரலில் கோபமும் இல்லை, பணிவும் இல்லை. “ஒரே ஒரு உதவி சார். போன தடவ எப்புடிப் பண்ணீங்களோ அச்சு அசல் அப்புடியே பண்ணிக் காட்டுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்.”

செய்தேன். 9600. இல்லை என்று அடித்தேன். எனேபிள். ஹோஸ்ட்நேம். வீலேன் ஒன்றுக்கு முகவரி. நோ ஷட்டவுன். கேட்வே. பாஸ்வேர்டு. நெட்வொர்க் கேபிளைக் குத்திப் பிங் அடித்தேன், பதில் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் விண்டோவின் தலையில் வலது கிளிக் செய்து, LAB-1 என்பதைத் தேர்ந்து, சேவ் பொத்தானை அழுத்தினேன்.

அவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

“இப்ப புடுங்கவா சார்?”

தலையை ஆட்டினேன். சுவிட்சின் பவர் கேபிளை இழுத்தார். அதன் உள்விசிறி நின்றது. விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. பத்து எண்ணிவிட்டு மறுபடி செருகினார். சுவிட்ச் எழுந்துகொள்ளச் சில நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்கத் திரையில் வரி வரியாக ஓடியது, நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குள் ஏதோ புரிய ஆரம்பித்து, புரியக் கூடாது என்று நானே அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஓட்டம் நின்றது. ஆரம்ப அமைப்பைச் செய்யலாமா, ஆமாவா இல்லையா?

யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

“நீங்க சேவ் பண்ணது இந்த விண்டோவைத்தான் சார்” என்றார் அவர். “எந்த போர்ட்டு, என்ன ஸ்பீடு, எழுத்து என்ன சைஸுல தெரியணும், அதெல்லாம் ஒங்க லேப்டாப்புல சேவ் ஆயிருக்கு. சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. நாம அடிச்சதெல்லாம் சுவிட்சுல இப்போதைக்கி ஓடிக்கிட்டு இருக்குற நெனப்புலதான் இருக்கும். அடிச்ச ஒடனே வேலை செய்யும், அதனால முடிஞ்சிருச்சுன்னு தோணும். கரண்ட் போச்சுன்னா அந்த நெனப்பு போயிரும். மறுபடி எந்திரிக்கிறப்ப எழுதி வச்சது எதுவும் இருக்கான்னு பாக்கும். இல்லைன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.”

“அப்ப லேபு மட்டும் எப்புடி ஓடுச்சு?”

“பேரும் ஐபியும் இல்லாட்டியும் கேபிளுக்குக் கேபிள் அது கடத்திக்கிட்டுத்தான் இருக்கும் சார். நம்ம பழைய பெட்டி மாதிரி. அதனாலதான் யாருக்கும் தெரியல.”

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் உட்கார்ந்தார். நான் முக்கால் மணி நேரம் முக்கிச் செய்ததை அவர் ஐந்தாறு நிமிடத்தில் செய்தார். கையேட்டைத் தொடவில்லை. பாதிச் சொல் அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பியது. ஒரு சொல் மறந்துவிட்டால் கேள்விக்குறி போட்டார், அடுத்து என்ன அடிக்கலாம் என்று அதுவே பட்டியல் காட்டியது. நான் பிரமித்துப்போய் நின்றேன். இருபது வருட வாத்தியாருக்கு முன்னால் ஒருவர் இப்படி அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்வதைப் பார்ப்பது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் அமைப்பிலிருந்து வெளியே வந்து, ஹேஷ் குறி இருக்கிற இடத்தில், ‘ரைட் மெமரி’, அதாவது ‘நினைவகத்தில் எழுது’ என்று அடித்தார். திரையில் ஓகே என்று வந்தது.

“இதுதான் சார் சேவ். எங்க கம்பெனியில பழைய ஆளுங்க ‘எழுதியாச்சா’ன்னுதான் கேப்பாங்க. சேவுன்னு சொல்ல மாட்டாங்க. சேவுன்னா ஆளுக்கொரு அர்த்தம்.”

“எந்தக் கம்பெனி?”

“சென்னையில சார். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருசம் இதே வேலைதான். பயோடேட்டாவுல போட்டிருக்கேனே.”

மறுபடி பவரை இழுத்தார். இந்த முறை கேள்வி எதுவும் வரவில்லை. LAB-1 வந்தது. பிங் அடித்தார், நாலும் பதில் வந்தது. அப்போதும் அவர் திருப்தியாகவில்லை. இன்னொரு தடவை இழுத்துச் செருகிப் பார்த்தார்.

“ஓகேன்னு வந்துருச்சே, இன்னும் எதுக்கு?”

“அது சொல்லுது சார். நான் பாக்கணும்ல.”

நான் கேட்டேன். “அன்னைக்கே இதை மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே. சேவ் பண்ணீங்களான்னு கேட்டேன், புடுங்கிப் பாப்பமான்னும் கேட்டேன்னு மெமோவுக்கு எழுதியிருக்கலாமே.”

“நீங்க எந்த சேவைப் பண்ணீங்கன்னு எனக்கு அப்பத் தெரியாதே சார். தெரியாததை எப்புடி எழுதுறது? நீங்க தெரியாமத்தான் எம்மேல எழுத வச்சீங்க. நானும் அதையே பண்ணவா?”

“கோவம் இல்லையா?”

“கோவம் இல்லாம என்ன சார். ரெண்டு நாளாச் சோறு எறங்கல.” மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அழவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சிறியவரிடம், பெண்ணிடம், எனக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே முதல்வரிடம் போனேன். தப்பு என்னுடையதுதான், அவர் பொத்தானைத் தொடவே இல்லை, சேமிக்காமல் விட்டது நான் என்று சொன்னேன். முதல்வர் சிரித்தார். “விடுங்க சார், யாருக்குத்தான் நடக்கல. இன்னைக்கி நல்லபடியா முடிஞ்சாப் போதும்.” அன்று நல்லபடியாகவே முடிந்தது. வந்தவர்கள் முகவரியை அடித்தார்கள், உள்ளே நுழைந்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். இதைச் செய்தது இவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை செய்த பாவத்தை ஒரு திங்கட்கிழமையில் கழுவிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு. லேபுக்குத் திரும்பி வரும்போது கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று நினைக்கிறேன்.

“மேடம்கிட்டச் சொல்லிட்டேம்மா. தப்பு எம்மேலதான்னு சொல்லிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. எல்லாம் முடிஞ்சுது.”

அவர் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“சேவ் பண்ணிட்டீங்களா சார்?”

முதலில் எனக்குப் புரியவில்லை. சுவிட்சைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“மேடம் மே மாசத்தோட ரிட்டயர்டு சார்” என்றார் மெதுவாக. “நீங்க சொன்னது அவங்க நெனப்புலதான் ஓடிக்கிட்டு இருக்கு. மெமோ எழுத்துல இருக்கு. ஜூன்ல புதுசா வர்றவங்க வெறும் ஃபைலைத்தான் பாப்பாங்க.”

என் காது இரண்டும் சூடானது அப்போதுதான். சொன்னதும் வேலை செய்துவிட்டது, அதனால் முடிந்துவிட்டது என்று மறுபடியும் நம்பியிருக்கிறேன். அதே தப்பு, அதே ஆள்.

“எழுதிக் குடுங்க சார்” என்றார்.

லேபிலேயே உட்கார்ந்து எழுதினேன். பொத்தான் அழுத்தப்பட்டது என்று நான் சொன்னது தவறு. சுவிட்சின் அமைப்பை நான் சேமிக்கவில்லை, அதனால் கரண்ட் போனதும் அழிந்தது. லேப் அசிஸ்டென்ட் இதுபற்றி முன்கூட்டியே என்னிடம் கேட்டார், கரண்ட்டை இழுத்துச் சோதிக்கலாம் என்றும் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். பிறகு அவரே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அவர்மேல் தவறு எதுவும் இல்லை என்பதால் மெமோவை ரத்து செய்யவேண்டும். கீழே என் கையெழுத்து. எடுத்துப்போய் முதல்வரிடம் ‘ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதி வாங்கினேன். அலுவலகத்தில் முத்திரை குத்தி எண் போட்டு வாங்கினேன். ஃபைலில் வைத்துவிடுவதாகக் கிளார்க் சொன்னார்.

லேபுக்கு வந்து, “வச்சாச்சு” என்றேன்.

அவர் சுருட்டிய கேபிளை மேசைமேல் வைத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார். கிளார்க்கிடம் சொல்லித் தன் ஃபைலை எடுக்கச் சொல்லி, திறந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். “கிளார்க் மேசையிலதான் கெடந்துச்சு சார். நான் நின்னு கோக்க வச்சுட்டு வந்தேன்” என்றார்.

ஜூனில் புதிய முதல்வர் வந்தார். வெளியூர்க்காரர், எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. ஒப்பந்த ஆட்களின் ஃபைல்களைப் பார்த்த அன்று என்னையும் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். கீரமங்கலத்துக்காரரின் ஃபைலைத் திறந்தார். மெமோவைப் படித்தார். முகம் சுருங்கியது, பேனாவை மூடி வைத்தார். அடுத்த தாளைத் திருப்பினார். அதை இரண்டு முறை படித்தார்.

“இது நீங்க எழுதுனதா சார்?”

“ஆமாங்க மேடம்.”

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.